வரிசை பிறந்த நாள்

கியூக்காரர் வீடு எது என்று அந்தத் தெருவில் கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, "அவசர வேலை இருந்தா அப்புறமா போங்க" என்றும் சொல்லி வைப்பார்கள். உள்ளே போனவர் அந்தக் கதையைக் கேட்காமல் வெளியே வர முடியாது என்பது ஊரறிந்த விஷயம்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷக்கணக்காகப் பை தொங்கியதில் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. சமையலறையில் இருக்கும் மனைவியிடம் காபி கேட்டால் எதிர்வீட்டுக்காரர் எழுந்து உட்காருவார். அவர் வாழ்க்கையில் நடந்தவை எத்தனையோ இருந்தாலும், அவரைப் பொறுத்தவரை நடந்தது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் அந்த ஊரில் பஸ் ஏறுவது கோட்டையைப் பிடிப்பது போன்ற காரியம். முழங்கை பலமாக இருந்தவர்கள் வேலைக்கு நேரத்துக்குப் போனார்கள். ஒருநாள் காலை, கொட்டும் மழையில், மருந்துக்கடை நிறுத்தத்தில் பஸ் நின்றது. கூட்டம் பாய்ந்தது. நம் கண்டக்டர் படியிலிருந்து இறங்கி, வாசலை மறித்து இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "வரிசையா வந்தாத்தான் வண்டி நகரும்!" என்றார். கூட்டம் திட்டியது. அவர் அசையவில்லை. டிரைவர் என்ஜினை அணைத்தார். ஒருவர் பின்னால் போய் நின்றார். அவர் பின்னால் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருந்துக்கடையைத் தாண்டி வரிசை நீண்டுவிட்டது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அன்றிலிருந்து ஊர் வரிசையில் நிற்கிறது.

"அன்னிக்கு வரைக்கும் இது ஆட்டு மந்தை. அன்னிலேருந்துதான் மனுஷங்க" என்று கதையை முடிப்பார். இதை அவர் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொல்லியிருக்கிறார். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை சுற்றிய டாக்டரிடம் சொல்லி, அழுத்தத்தை ஏற்றிக்காட்டியிருக்கிறார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னார். அந்தப் பெண் கல்லூரியில் சரித்திரம் சொல்லித் தருகிறவள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சரித்திரமே வீட்டுக்கு மருமகளாக வருகிறது என்று எடுத்துக்கொண்டார்.

மருமகள் பொறுமைசாலி. அந்தக் கதையைச் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்டாள். கணவன் கதை தொடங்கும் அறிகுறி தெரிந்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அவள் போகமாட்டாள். கேட்டுப் பழகியவள், அவ்வளவுதான். நம்புகிறாள் என்று மாமனார் நினைத்துக்கொண்டார்.

வினை புது மேலாளர் வடிவில் வந்தது. பஸ் நிர்வாகத்துக்கு வந்த அந்த மனிதர் ஒரு மாலை வீடு தேடி வந்தார். கியூக்காரர் கதையை முழுசாகச் சொல்ல, அவர் கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் முழுசாகக் கேட்டார். அங்கேயே மருமகளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஐயா, இப்ப ஜனங்ககிட்ட ஒழுக்கமே இல்ல. மறுபடி முண்டியடிக்கிறாங்க. உங்களை மாதிரி ஒருத்தர் அன்னிக்கு ஒரே நாள்ல மாத்திக்காட்டினதை இவங்களுக்கு ஞாபகப்படுத்தணும். அந்த ஸ்டாப்புல கல்வெட்டு வைக்கப்போறோம். 'இங்கேதான் வரிசை பிறந்தது'ன்னு. கல்லைத் திறக்கற அன்னிலேருந்து ஒரு மாசம் ஒழுக்க மாசம்" என்றார் மேலாளர்.

கியூக்காரர் கண் கலங்கிவிட்டார்.

"ஒரே ஒரு விஷயம். யாராவது சரித்திரம் படிச்சவங்க பாத்து, சரின்னு ஒரு அறிக்கை குடுத்தா கல்வெட்டுக்கு மதிப்பு. அதுக்கு ஆள் தேடணும்."

"ஆள் எதுக்குத் தேடணும்? என் மருமகளே காலேஜ்ல சரித்திரம்தான்! ஏம்மா, வா இங்கே!" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். செலவில்லாமல் வேலை முடிந்த மகிழ்ச்சியில் மேலாளர் இரண்டாவது காபியும் குடித்துவிட்டுப் போனார்.

மருமகளுக்கு முதலில் தேதியைச் சரிபார்ப்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாகப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். மாமனார் சொன்ன மாதத்தைப் புரட்டினாள். படம் இருந்தது. கை விரித்த கண்டக்டர், மழை, குடைகள், வரிசை, எல்லாம் அவர் சொன்னபடியே. படத்துக்குக் கீழே ஒரே வரி: "மழையால் பஸ்கள் தாமதம், பயணிகள் அவதி."

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எடுத்தவர் கண்ணுக்கு அது வரிசையின் படமாகவே தெரியவில்லை, மழையின் படமாகத்தான் தெரிந்திருக்கிறது. அவளுக்கு ஆவல் பிறந்தது. முன்னேயும் பின்னேயும் புரட்டத் தொடங்கினாள்.

விடுமுறை நாளில், சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மாமனார் கேட்டார். "என்னம்மா, அறிக்கை எழுதிட்டியா? நல்ல தமிழா எழுது. 'திருப்புமுனை'ங்கற வார்த்தை வரணும்."

"அதுலதான் மாமா சிக்கல்."

"என்ன சிக்கல்? படம் கிடைக்கலையா?"

"படம் கிடைச்சுது. நீங்க நின்னது உண்மை. அன்னிக்கு அங்க வரிசை நின்னதும் உண்மை. அந்த நாளாலதான் ஊர் மாறிச்சாங்கறதுதான் கேள்வி."

மகன் செருப்பைத் தேடினான். மருமகள் அத்தை என்று கூப்பிடும் கியூக்காரர் மனைவி டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"இதுல என்ன கேள்வி?" என்றார் கியூக்காரர். "முந்தின நாள் முண்டியடிச்சாங்க. மறுநாள் வரிசைல நின்னாங்க. முடிஞ்சுது."

"முந்தின நாளையும் மறுநாளையும் மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். முந்தின நாலஞ்சு வருஷத்தையும் பாக்கணும். பஸ் நிலையத்துல கம்பித் தடுப்பு போட்டு, அங்க ஜனங்க வரிசைல நிக்கற படம் உங்க படத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இருக்கு. அடுத்து ஆபீஸ்காரங்க ஏறுற ஸ்டாப்புங்க. ஒவ்வொண்ணா, மெதுவா வந்துக்கிட்டே இருந்திருக்கு. நீங்க நிக்கறப்போ அது பாதி வழி வந்தாச்சு."

"பஸ் நிலையம் வேற. அங்க கம்பி இருக்கு. நான் கம்பி இல்லாம நிறுத்தினேன்."

"சரி. நிறுத்தினது நின்னுச்சா? உங்க படம் வந்த அடுத்த மாசமே ஒருத்தர் பத்திரிகைக்கு எழுதியிருக்கார். மருந்துக்கடை ஸ்டாப்புல ஏறும்போது கண்ணாடி உடைஞ்சுதாம்."

"அவன் குடிச்சிருப்பான்."

"அதுக்கப்புறமும் ஏழெட்டுக் கடிதம் இருக்கு மாமா. எல்லாருமா குடிச்சிருப்பாங்க? குறைஞ்சு குறைஞ்சு, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் நிக்குது."

கியூக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முட்டாள் இல்லை அவர். பேசியே பிழைத்தவர். "இங்க பாரு. தண்ணி அடுப்புல மெதுவாத்தான் சூடாகும். ஆனா கொதிக்கறது ஒரு நிமிஷம்தானே? குழந்தை வயித்துல மாசக்கணக்கா வளருது. அதுக்காகப் பிறந்தநாளே இல்லேன்னு சொல்லுவியா?"

மருமகள் சிரித்தாள். அது நல்ல கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. "சொல்ல மாட்டேன். திடீர்னு மாறுறதும் உண்டு. பழைய பாலத்தை மூடினாங்களே, அது திருப்பம். முந்தின நாள் வரைக்கும் ஊரே அந்தப் பாலத்துத் தெருவுலதான் நடந்துச்சு. மூடின மறுநாள் ஒரு ஆள் இல்ல. கடைங்க ஒவ்வொண்ணா பூட்டிக்கிட்டுப் போச்சு. திரும்பி வரவே இல்ல. அங்க ஒரு நாளைக் காட்டி, இதுக்கு முன்னாடி வேற, பின்னாடி வேறன்னு சொல்லலாம். உங்க நாள்ல அந்த மாதிரி உடைப்பு இருக்கான்னு பாத்தேன். இல்ல."

"நான் நிக்கலேன்னா?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டேன். நீங்க நிக்காத இடத்துல என்ன ஆச்சுன்னு பாத்தா தெரிஞ்சுபோகும். ஆஸ்பத்திரி ரூட்ல யாரும் கையை விரிக்கலை. ஆனா அங்கயும் அதே சமயத்துல வரிசை வந்துடுச்சு. பழைய மில் ரூட்லயும் யாரும் விரிக்கலை. அங்க அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் வரிசை வரலை. உங்க படம் வந்த பத்திரிகையை அங்கயும்தான் படிச்சிருப்பாங்க."

"அப்போ என்னதான் வித்தியாசம்?"

"புது பஸ். ஆஸ்பத்திரி ரூட்டுக்கும் உங்க ரூட்டுக்கும் அந்தச் சமயத்துல ரெண்டே வருஷத்துல பஸ்ஸை ரெண்டு மடங்காக்கினாங்க. மில் ரூட்டுக்கு ஒண்ணுகூட விடலை."

டி.வி.யில் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாமனார் முகத்தைப் பார்த்ததும் மருமகளுக்கு மனசு கேட்கவில்லை.

"உங்களால ஒண்ணுமே மாறலைன்னு சொல்லலை மாமா. மருந்துக்கடை ஸ்டாப்புல வரிசை எந்தப் பக்கமா போகுது?"

"இடது பக்கம். கடையைத் தாண்டி."

"வலது பக்கம் பெரிய மரம் இருக்கு. நிழல் இருக்கு. ஆனா இன்னிக்கு வரைக்கும் ஜனங்க இடது பக்கம்தான் நிக்கறாங்க. அன்னிக்கு நீங்க அந்தப் பக்கமா வரிசையைத் திருப்பினதுதான் காரணம். படத்துல தெளிவா இருக்கு. வரிசை எப்படியும் வந்திருக்கும். ஆனா அது வெயில்ல நிக்கறது முழுக்க முழுக்க உங்க சாதனை."

"பாத்தியா!" என்று தொடையைத் தட்டினார் கியூக்காரர். ஒரு விநாடி கழித்துத்தான் என்ன சொன்னாள் என்று புரிந்தது.

"நல்லா இருக்கு. எத்தனை வருஷமா அந்த வெயில்ல என் மண்டை காஞ்சிருக்கு" என்றார் அத்தை.

அன்றிலிருந்து மாமனார் மருமகளிடம் பேசவில்லை. பேச வேண்டியதை மனைவி வழியாகச் சொல்லி அனுப்பினார். மருமகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், "அந்தப் பேப்பரைக் குடுக்கச் சொல்லு" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார். அறிக்கையை மாற்றச் சொல்ல மட்டும் மானம் இடம் தரவில்லை. அறிக்கையைக் கேட்க மேலாளர் கூட்டப்போகும் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். நேரில் பார்த்தவர் பேச்சுக்கு முன்னால் பழைய பேப்பர் எம்மாத்திரம்?

மேலாளர் அறையில் கூட்டம் நடந்தது. இரண்டு அதிகாரிகள், விளம்பரத்துக்காக அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், கஞ்சி போட்ட சட்டையில் கியூக்காரர், கோப்புடன் மருமகள். அத்தையும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேசையில் கல்வெட்டின் மாதிரி இருந்தது. தங்க எழுத்து.

மருமகள் வாசித்தாள். மேலாளர் முதலில் தலையாட்டினார். பாதியில் ஆட்டுவதை நிறுத்தினார். "புது பஸ்" என்ற சொல் வந்தபோது பேனாவை மூடினார். காரணம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பொறுப்பேற்றதிலிருந்து மருந்துக்கடை ரூட்டில் ஒன்றுவிட்டு ஒரு பஸ்ஸை அவர்தான் நிறுத்திவிட்டிருந்தார். ஜனங்கள் மறுபடி முண்டியடிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். ஒரே மனிதர் ஒரே நாளில் வாயால் சொல்லி ஊர் திருந்தியது என்றால், இப்போது திருந்தாதது ஊரின் குற்றம். பஸ் வந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தியது என்றால், குற்றம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டிவரும். பாவம், ஒழுக்கத்துக்கு டீசல் செலவு கிடையாது. அதனால்தான் அவருக்கு அதன்மேல் அத்தனை பற்று.

"அம்மா, நீங்க சொல்றதெல்லாம் புத்தகத்துக்குச் சரி" என்றார் மேலாளர். "கூட்டத்துக்கு நடுவுல நின்னவர் இங்கேயே இருக்கார். ஐயா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு ஜனங்களை மாத்தினது பஸ்ஸா, உங்க மன உறுதியா?"

கியூக்காரர் எழுந்தார். இதற்காகத்தானே காத்திருந்தார்.

"மன உறுதிதான் சார்! ஏதோ ஒருநாள் தோணி நின்னேன்னு இவங்க நினைக்கறாங்க. இல்ல! இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததை இன்னிக்குச் சொல்றேன். அதுக்கு முந்தின வருஷமே நின்னேன். அதே ஸ்டாப்பு, அதே மழை. அதே மாதிரி கையை விரிச்சு, அதே வார்த்தையைச் சொன்னேன்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்கும் புதுசு.

"அப்புறம்?" என்றார் நிருபர்.

"அப்புறம் என்ன? சட்டையைக் கிழிச்சுட்டாங்க."

"கம்பில மாட்டிக் கிழிஞ்சுதுன்னு சொன்னீங்களே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நான்தானே தைச்சேன்!"

"நீ சும்மா இரு. பையைப் பிடிச்சு இழுத்து, என்னைத் தள்ளிட்டு ஏறிப் போயிட்டாங்க சார். ஆனா நான் விடலையே! அடுத்த வருஷம் திரும்ப நின்னேன். அதுதான் மன உறுதி!"

நிருபர் பேனாவை எடுத்தார். "முதல் தடவை ஏன் ஐயா கேக்கலை?"

"எப்படித் தம்பி கேப்பாங்க?" கியூக்காரருக்குச் சூடேறிவிட்டது. மேடை கிடைத்துவிட்டால் அவருக்கு முன்னால் சுவர் இருந்தாலும் தெரியாது. "அப்போ ஒரு வண்டியை விட்டா அடுத்தது எப்போன்னு டிரைவருக்கே தெரியாது. லேட்டாப் போனா வேலைல சீட்டைக் கிழிச்சுடுவான். அந்த நிலைமைல எந்த மடையன் வரிசைல நிப்பான்? நானா இருந்தாலும் கண்டக்டர் சட்டையைக் கிழிச்சிருப்பேன்!"

"ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவை பின்னாடியே இன்னொரு வண்டி வந்து நிக்குதே! கையைக் காட்டிச் சொன்னேன், 'அதோ பாரு, அதுல இடம் இருக்கு, ஏன்டா அடிச்சுக்கறீங்க'ன்னு. திரும்பிப் பாத்தாங்க. நின்னாங்க. அவ்வளவுதான்!"

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். கைதட்டல் வரவில்லை. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரிகள் கல்வெட்டு மாதிரியின் தங்க எழுத்துகளை உற்றுப் பார்த்தார்கள். நிருபர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

மருமகள் அறிக்கையை மூடிவிட்டாள். பழைய பேப்பர்களில் நாள்கணக்காகத் தேடியும் கிடைக்காதது அதுதான். அதே ஆள், அதே இடம், அதே வார்த்தை. முதல் முறை கிழிந்த சட்டை, இரண்டாம் முறை வரிசை. இரண்டுக்கும் நடுவில் மாறியது மாமனாரின் மன உறுதி அல்ல. அதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

வீடு திரும்பும் வழியில் பாதி தூரம் வந்தபோதுதான் கியூக்காரருக்கு உறைத்தது. நடுத்தெருவில் நின்றார். மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "நான் அவளுக்கு எடுத்துக் குடுத்துட்டேனா?"

"தட்டுல வெச்சுக் குடுத்தீங்க" என்றார் அத்தை.

செய்தி வெளியானது. "சட்டையைக் கிழித்த ஊர் வரிசையில் நின்றது எப்படி?" என்று தலைப்பு. பயணிகள் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். வரிசையாக அல்ல. சில வாரங்களில் காலை நேரத்துக்கு நிறுத்தப்பட்ட பஸ்களில் சில திரும்பி வந்தன. மேலாளர் அதே நிருபரை அழைத்து, "எங்கள் நிர்வாக வரலாற்றில் இன்றைய முடிவு ஒரு திருப்புமுனை" என்று பேட்டி கொடுத்தார். அதை எந்த மருமகளிடமும் சரிபார்க்கக் கொடுத்ததாகத் தெரியவில்லை. செதுக்கச் சொன்ன கல் வீணாகக் கூடாதே என்று, அதில் "வரிசையில் நிற்கவும்" என்று எழுதி மருந்துக்கடை ஓரமாக நட்டார்கள்.

கியூக்காரர் ஒருநாள் காலை தனியாகப் போய் அந்தக் கல்லைப் பார்த்தார். பெயரும் இல்லை, நாளும் இல்லை. யாரோ அதன்மேல் கால் வைத்துச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வரிசை நின்றிருந்தது. அவர் முன்னால் போய் நின்று, இதை ஆரம்பித்து வைத்தது யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தார். "பெரியவரே, பின்னாடி போங்க" என்றாள் ஒரு பெண். போனார். வெயில் சுள்ளென்று அடித்தது. வலது பக்கம் மர நிழல் காலியாகக் கிடந்தது.

பஸ் வந்தது. நிறைந்திருந்தது. வரிசை லேசாகக் குலைந்தது. முன்னால் நின்றவர்கள் முழங்கையைத் தயார் செய்தார்கள். அப்போது தெருமுனையில் அடுத்த பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. யாரும் கை விரிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. முழங்கைகள் தாமாகவே இறங்கின. வேலை பார்த்த காலம் முழுக்கப் படியில் நின்று பார்த்த காட்சியை அவர் அன்றுதான் வரிசைக்குள்ளிருந்து பார்த்தார். அவர் கையும் மடங்கித்தான் இருந்தது. அதையும் இறக்கிக்கொண்டார்.

அன்று மாலை மருமகள் கல்லூரியிலிருந்து வந்து பையை வைத்தபோது, அவர் சமையலறையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினார்.

"யோசிச்சுப் பாத்தேன்மா. நீ சொன்னது சரிதான். அந்தப் படம் வந்த நாள் திருப்புமுனை இல்ல."

மருமகளால் தன் காதை நம்ப முடியவில்லை. "மாமா..."

"சட்டை கிழிஞ்சுதே, அந்த நாள்தான் நிஜமான திருப்புமுனை!"

அவள் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை வெளியே வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.

அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது கிழிந்த சட்டையின் கதை. பழைய கதைக்கு மரியாதைக்காகத் தலையாட்டியவர்கள் இதற்கு உண்மையாகவே சிரித்தார்கள். அது அவருக்குப் புது அனுபவம். மகன்கூட ஒருநாள் செருப்பை மாட்டாமல் கடைசிவரை கேட்டான். மருமகள் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"அவங்க ஏன் கிழிச்சாங்கன்னு சேத்துச் சொல்லுங்க மாமா. அடுத்த வண்டி எப்போ வரும்னு தெரியாததால. அதை விட்டுட்டா மறுபடி பழைய கதைதான்."

"சொல்றேம்மா. சொல்லாம இருப்பேனா? ஆனா கடைசிலதான் சொல்வேன். முதல்லயே சொன்னா எவன் உக்காந்து கேப்பான்?"

வாசலில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க வந்தவர் மணியடித்தார். கியூக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.